குரூப் 4 அறிவிக்கையை நீங்களே படிக்க: மூன்று தேதிகள், இரண்டு சான்றிதழ்கள்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 அறிவிக்கை பல பக்கங்கள் ஓடும். முதல்முறை விண்ணப்பிப்பவர்கள் பெரும்பாலும் அதைத் திறப்பதே இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படத்தில் கடைசித் தேதி, காலியிட எண்ணிக்கை, 'தகுதி: பத்தாம் வகுப்பு' என்ற மூன்று வரிகளைப் பார்த்துவிட்டு நேராக விண்ணப்பிக்கப் போய்விடுகிறார்கள். அந்த மூன்று வரிகளும் சரியாகவே இருக்கலாம். ஆனால் தேர்வில் தேறிய பிறகும் ஒருவரை வெளியே அனுப்பக்கூடிய நிபந்தனைகள் அந்தப் படத்தில் வருவதில்லை. அவை அறிவிக்கைக்குள் இருக்கின்றன, அதுவும் ஓரளவு தெளிவாகவே.

ஒரே ஒரு அறிவிக்கையை எடுத்துக்கொண்டு படித்துப் பார்ப்போம். அது 25.04.2025 அன்று வெளியான 07/2025 எண்ணுள்ள குரூப் 4 அறிவிக்கை. அந்தத் தேர்வு முடிந்துவிட்டது. ஆனாலும் பழகிக்கொள்ள அது நல்ல மாதிரி, ஏனென்றால் அடுத்து வரும் அறிவிக்கையிலும் அமைப்பு ஏறக்குறைய இதேபோல்தான் இருக்கும். தேதிகளும் எண்களும் மாறும், சில விதிகளும் மாறக்கூடும். அதனால் இங்கே உள்ள எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். எந்த எண் எந்த வேலையைச் செய்கிறது என்று பிடித்துக்கொண்டால் போதும்.

முதலில் சரியான தாளைக் கையில் எடுங்கள்

அறிவிக்கை வெளியாகும் இடம் tnpsc.gov.in. விண்ணப்பம் நிரப்பும் இடம் tnpscexams.in. இரண்டாவது முகவரி gov.in என்று முடியவில்லையே என்று சிலர் தயங்குவார்கள். நியாயமான தயக்கம்தான், ஏனென்றால் இதே மாதிரிப் பெயர் வைத்த போலித் தளங்களுக்குக் குறைவில்லை. கூகுளில் தேடி வரும் முதல் இணைப்பைச் சொடுக்காமல், tnpsc.gov.in தளத்துக்குள் போய் அங்கே உள்ள இணைப்பு வழியாகவே விண்ணப்பப் பக்கத்துக்குச் செல்லுங்கள். அப்படிப் போனால் தவறான இடத்தில் ஆதார் எண்ணையும் பணத்தையும் கொடுக்கும் ஆபத்து இல்லை.

தளத்திலிருந்து இரண்டு கோப்புகளை இறக்கிக்கொள்ளுங்கள். ஒன்று அந்தத் தேர்வுக்கான அறிவிக்கை. இன்னொன்று 'விண்ணப்பதாரர்களுக்கான அறிவுரைகள்' என்ற பொதுவான ஆவணம். சான்றிதழ் எந்தப் படிவத்தில் இருக்க வேண்டும், யார் கையொப்பமிட வேண்டும், எந்தச் சலுகைக்கு என்ன ஆதாரம் என்பவற்றில் பல விவரங்கள் இந்த இரண்டாவது ஆவணத்தில்தான் விரிவாக இருக்கும். அறிவிக்கை அதைச் சுட்டிக்காட்டிவிட்டு நகர்ந்துவிடும். அறிவிக்கை தமிழிலும் ஆங்கிலத்திலும் வருவதால், ஒரு வரி குழப்பினால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'நிறைவு செய்திருக்க வேண்டும்', 'நிறைவு செய்திருக்கக் கூடாது' போன்ற இடங்களில் இது உடனே உதவும்.

முதல் பக்கத்தில் உள்ள அறிவிக்கை எண்ணையும் நாளையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிறகு 'தேதி நீட்டிப்பு', 'காலியிடம் உயர்வு' என்று எங்காவது செய்தி வந்தால், அதில் இந்த எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, தளத்தில் அதே எண்ணுக்குக் கீழே பிற்சேர்க்கையோ திருத்த அறிவிக்கையோ வந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இல்லையென்றால் அந்தச் செய்தியை நம்பி எதையும் தள்ளிப்போட வேண்டாம். உண்மையான மாற்றமும் அங்கேதான் வரும். 2025 குரூப் 4 அறிவிக்கை வந்தபோது காலியிடங்கள் 3,935. பிறகு அது 4,662 ஆக உயர்ந்தது. அறிவிக்கையில் உள்ள காலியிட எண்ணிக்கை மாறக்கூடியது என்பதற்கு இதுவே உதாரணம். ஆகவே அந்த எண்ணை வைத்து 'நமக்குக் கிடைக்காது' என்று விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

தேர்வாணையம் வெளியிடும் ஆண்டுத் திட்ட அட்டவணையும் அதே தளத்தில் கிடைக்கும். எந்த மாதம் எந்தத் தேர்வுக்கு அறிவிக்கை வரும் என்று அதில் இருக்கும். படிக்கத் திட்டமிடவும், சான்றிதழ்களை முன்கூட்டியே தயார் செய்யவும் அது பயன்படும். ஆனால் அது உத்தேசமானதுதான். தகுதியைக் கணக்கிட அதை வைத்துக்கொள்ளக் கூடாது. கணக்கு எப்போதும் அறிவிக்கையில் உள்ள தேதியில்தான்.

மூன்று தேதிகள், மூன்று வேலைகள்

புதிதாக வருபவர்கள் அதிகம் இடறும் இடம் இது. 'கடைசித் தேதிக்குள் எல்லாத் தகுதியும் இருந்தால் போதும்' என்றே எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். அறிவிக்கை அப்படிச் சொல்வதில்லை.

2025 அறிவிக்கையில் கல்வித் தகுதியைக் கணக்கிடும் நாள் 25.04.2025, அதாவது அறிவிக்கை வெளியான அதே நாள். அன்றைக்குள் நீங்கள் அந்தத் தகுதியைப் பெற்றிருக்க வேண்டும். தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பது தகுதியாகாது. அந்த நாளுக்குள் முடிவே வந்திருக்க வேண்டும்.

வயதைக் கணக்கிடும் நாள் 01.07.2025. இது அறிவிக்கை நாளும் இல்லை, கடைசி நாளும் இல்லை, தேர்வு நாளும் இல்லை. தனியாக நிற்கும் ஒரு தேதி. ஆண்டின் ஜூலை முதல் நாளை வயதுக்கு அளவுகோலாக வைப்பது தேர்வாணைய அறிவிக்கைகளில் வழக்கமாகக் காண்பது.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் 24.05.2025, இரவு 11.59 மணி. இந்த நாளுக்கு உங்கள் தகுதியோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. விண்ணப்பம் உள்ளே போவதற்கான கதவு மூடும் நேரம், அவ்வளவே.

இவற்றோடு நான்காவதாக ஒரு காலமும் உண்டு. 29.05.2025 அதிகாலை 12.01 முதல் 31.05.2025 இரவு 11.59 வரை விண்ணப்பத்தைத் திருத்திக்கொள்ளலாம். இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். தேர்வு 12.07.2025 காலை 9.30 முதல் 12.30 வரை.

தட்டச்சர் பதவிக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்களை முதல் தேதி நேரடியாகப் பாதிக்கும். தட்டச்சுக்கான அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகள் ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கின்றன. பிப்ரவரியில் தேர்வு எழுதியவர் ஏப்ரல் 25ஆம் தேதி அறிவிக்கையைப் பார்க்கும்போது கையில் முடிவு இருக்குமா என்பது சில நாள் இடைவெளியில்தான் இருக்கிறது. முடிவு ஏப்ரல் 25க்கு முன்பே வந்திருந்தால் அவர் தட்டச்சருக்கு விண்ணப்பிக்கலாம். மே மாதம் வந்தால் முடியாது, கடைசித் தேதி மே 24 ஆக இருந்தாலும் முடியாது. இந்த இடத்தில் தவறாக விண்ணப்பித்தவருக்கு அது உடனே தெரியாது என்பதுதான் வேதனை. விண்ணப்பப் படிவம் அவரைத் தடுக்காமல் போகலாம். ஹால் டிக்கெட் வரலாம். மதிப்பெண்ணும் வரலாம். சான்றிதழ் சரிபார்ப்பில் தேதியைப் பார்க்கும்போதுதான் அந்தப் பதவி கைநழுவும்.

ஒரு விண்ணப்பதாரரை வைத்துக் கணக்குப் போடுவோம்

ஒரு பெண் விண்ணப்பதாரரைக் கற்பனை செய்துகொள்வோம். பிறந்த நாள் 15.08.2004. பிற்படுத்தப்பட்ட வகுப்பு. ஒன்று முதல் ஐந்து வரை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசு மேல்நிலைப்பள்ளி, எல்லாம் தமிழ்வழி. பிறகு ஆங்கிலவழியில் பி.காம். படித்துக்கொண்டிருக்கிறார். திருமணம் ஆகிவிட்டது. தட்டச்சுத் தேர்வின் மேல்நிலையான ஹையரைத் தமிழில் முன்பே முடித்துவிட்டார். அதன் கீழ்நிலையான லோயரை ஆங்கிலத்தில் 2025 பிப்ரவரியில் எழுதியிருக்கிறார்.

வயது: 01.07.2025 அன்று அவருக்கு 20 ஆண்டு, 10 மாதம், 16 நாள். இளநிலை உதவியாளர் பதவிக்குக் குறைந்தபட்ச வயது 18, அதனால் பிரச்சினை இல்லை. கிராம நிர்வாக அலுவலர் பதவிக்கு 21 வயது நிறைவடைந்திருக்க வேண்டும். ஆகஸ்ட் 15 அன்று, அதாவது தேர்வு முடிந்து ஒரு மாதத்தில், அவருக்கு 21 முடிகிறது. கலந்தாய்வு வரும்போது அவர் 21ஐத் தாண்டியிருப்பார். அதனால் எந்தப் பயனும் இல்லை. கணக்கு ஜூலை 1இல் முடிந்துவிட்டது. அந்த அறிவிக்கையில் கிராம நிர்வாக அலுவலர் பதவி அவருக்குக் கிடையாது. இதே பெண் 01.07.2004 அன்றோ அதற்கு முன்போ பிறந்திருந்தால் கிடைத்திருக்கும்.

இதிலிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். குரூப் 4 என்பது ஒரே தேர்வுதான், ஆனால் அதற்குள் பல பதவிகள் இருக்கின்றன. வயதும் தகுதியும் பதவிக்குப் பதவி மாறும். அறிவிக்கையில் வயது அட்டவணையைப் பார்க்கும்போது மொத்தமாக மேலோட்டமாகப் பார்க்காமல், பதவிப் பெயரில் விரல் வைத்து, பிறகு உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவின் பத்திக்கு நகருங்கள். உச்ச வயதுக்கும் இதேதான். அந்தப் பத்தியின் தலைப்பில் 'நிறைவு செய்திருக்கக் கூடாது' என்று இருந்து, எண் 32 என்று இருந்தால், ஜூலை 1 அன்று 32 முடிந்தவர் வெளியே. 31 ஆண்டும் 364 நாளும் ஆனவர் உள்ளே.

தட்டச்சர் பதவிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் இருக்க வேண்டும், அல்லது ஒன்றில் ஹையரும் இன்னொன்றில் லோயரும் இருக்க வேண்டும். இவருக்குத் தமிழ் ஹையர் இருக்கிறது. ஆங்கில லோயர் முடிவு வெளியான நாளை முடிவுப் பக்கத்திலோ சான்றிதழிலோ பார்த்து, அது 25.04.2025க்கு முன்பா பின்பா என்று உறுதி செய்த பிறகுதான் அந்தத் தகுதியை விண்ணப்பத்தில் குறிக்க வேண்டும். நாள் பின்னால் விழுந்தால் தட்டச்சரை விட்டுவிட்டு இளநிலை உதவியாளர் போன்ற பதவிகளுக்கு விண்ணப்பிப்பதே சரி. அவர் பி.காம். முடிக்காதது இங்கே தடையில்லை. கேட்கும் அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்பு.

பதிவு வேறு, விண்ணப்பம் வேறு

முதலில் ஒருமுறைப் பதிவு. அதற்குக் கட்டணம் 150 ரூபாய், ஐந்து ஆண்டுகள் செல்லும். ஆதார் எண்ணை இணைக்க வேண்டும். பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் ஆகியவற்றைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். முதலெழுத்து முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதுகூட. புகைப்படம் 20 முதல் 50 கேபி, கையொப்பம் 10 முதல் 20 கேபி என்ற அளவில் இருக்க வேண்டும். அளவு பொருந்தவில்லை என்று திரும்பத் திரும்ப வந்தால் படத்தைப் பலமுறை சுருக்கிச் சுருக்கி மங்கலாக்காதீர்கள். மூலப் படத்திலிருந்து ஒருமுறை சரியாக வெட்டி, ஒரே தடவை சுருக்குங்கள். ஹால் டிக்கெட்டில் இந்தப் படம்தான் வரும்.

பதிவு முடிந்து ஒரு பதிவு எண் வந்ததும் 'விண்ணப்பித்துவிட்டேன்' என்று நினைத்து நிறுத்திவிடுபவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். ஒருமுறைப் பதிவு என்பது உங்கள் அடையாளத்தைச் சேமித்து வைப்பது மட்டும்தான். அதே தளத்தில் உள்நுழைந்து, அந்தக் குறிப்பிட்ட அறிவிக்கை எண்ணைத் தேர்ந்தெடுத்து, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். முடிவில் விண்ணப்ப எண்ணோடு ஒரு பிரதி கிடைத்தால்தான் விண்ணப்பம் போயிருக்கிறது. அதை பி.டி.எஃப். ஆகச் சேமித்து, முடிந்தால் அச்செடுத்தும் வையுங்கள்.

தேர்வுக் கட்டணம் 100 ரூபாய். பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடி, ஆதரவற்ற விதவை, நிர்ணயித்த அளவு குறைபாடுள்ள மாற்றுத்திறனாளி ஆகியோருக்கு முழு விலக்கு. பிற்படுத்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம், மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு மூன்று முறை இலவசம். முன்னாள் படைவீரர்களுக்கு இரண்டு முறை.

இந்த 'மூன்று முறை' என்பதைப் பலர் குரூப் 4க்கு மட்டும் மூன்று முறை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. இதற்கு முன் தேர்வாணையத்தின் எந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போதும் நீங்கள் கட்டணச் சலுகை கேட்டிருந்தால் அதெல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. பழைய விண்ணப்பங்களில் என்ன கேட்டீர்களோ அதை வைத்தே கணக்கிடுவார்கள். நம் கற்பனை விண்ணப்பதாரர் 2024 குரூப் 4க்கு இலவசமாக விண்ணப்பித்திருந்தால் இது அவருக்கு இரண்டாவது. உங்கள் பழைய விண்ணப்பங்களை எண்ணிப் பார்த்துச் சந்தேகம் இருந்தால் நூறு ரூபாயைக் கட்டிவிடுங்கள். நான்காவது முறையும் சலுகை கேட்டு, அது தவறான தகவல் என்று எடுத்துக்கொள்ளப்பட்டால் விண்ணப்பமே போகும். நூறு ரூபாய்க்காக அந்த ஆபத்து வேண்டாம்.

கட்டணம் கட்டும்போது வங்கியில் பணம் கழிந்தும் விண்ணப்ப நிலையில் 'செலுத்தப்பட்டது' என்று வராமல் போவதுண்டு. வங்கியின் குறுஞ்செய்தி போதாது. விண்ணப்பத் தளத்தில் உள்நுழைந்து கட்டண நிலை சரியாக மாறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் உறுதி. மாறவில்லையென்றால் கடைசி நேரத்துக்கு முன் மறுபடி கட்ட வேண்டும். கழிந்த பணத்தைப் பிறகு வங்கியிடம் கேட்டுக்கொள்ளலாம். கடைசி நாளில் இதற்கு நேரம் இருக்காது. 2025இல் கடைசி நாளான மே 24 ஒரு சனிக்கிழமை, அதுவும் மாதத்தின் நான்காவது சனி. வங்கிகளுக்கு விடுமுறை. அன்று மாலை பணம் மாட்டிக்கொண்டவர் கிளைக்குப் போய்க் கேட்கக்கூட வழியில்லை. அறிவிக்கை வந்தவுடன் கடைசித் தேதி என்ன கிழமை என்று காலண்டரில் பாருங்கள். உங்களுக்கான கடைசித் தேதியாக அதற்கு ஒரு வாரம் முந்தைய நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சாதிச் சான்றிதழ்

விண்ணப்பத்தில் சாதிச் சான்றிதழின் எண், நாள், வழங்கிய அலுவலர் போன்ற விவரங்களைக் கேட்கிறார்கள். ஆகவே சான்றிதழ் கையில் இல்லாமல் 'பிறகு வாங்கிக்கொள்ளலாம்' என்று நிரப்ப முடியாது. அறிவிக்கை வந்த பிறகு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், அது வருவாய்த் துறையில் ஒவ்வொரு மேசையாகத் தாண்டி வர வேண்டும். நீங்கள் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் அதே முப்பது நாளில் உங்கள் வட்டத்தில் இன்னும் பலரும் அதே சான்றிதழுக்கு வரிசையில் நிற்பார்கள். அறிவிக்கைக்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது.

திருமணமான பெண்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. சாதி என்பது பிறப்பால் வருவது என்பதால், சான்றிதழ் தந்தையின் பெயரில் இருக்க வேண்டும். கணவர் பெயரில் வாங்கியது ஏற்கப்படாது. திருமணத்துக்குப் பிறகு ஆதார், குடும்ப அட்டை எல்லாம் கணவர் பெயருக்கு மாறியிருக்கும். அவற்றைக் கொடுத்துப் புதிய சாதிச் சான்றிதழ் கேட்கும்போது, விண்ணப்பத்தில் கணவர் பெயரே போய்விடுவது சாதாரணமாக நடக்கிற தவறு. இ-சேவை மையத்தில் பதிவு செய்பவர் திரையில் காட்டும்போதே தந்தை பெயர் என்ற கட்டத்தைப் பார்த்துவிடுங்கள். நம் விண்ணப்பதாரருக்குப் பள்ளிக் காலத்தில் தந்தை பெயரில் வாங்கிய சான்றிதழ் இருந்தால், அதையே பயன்படுத்தலாம். திருமணம் ஆனதற்காகப் புதிதாக வாங்க வேண்டிய தேவை இல்லை.

சாதியின் பெயர் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே விண்ணப்பத்திலும் தேர்வு செய்ய வேண்டும். பேச்சுவழக்கில் ஒரு பெயரும் அரசுப் பட்டியலில் வேறொரு பெயரும் இருப்பது பல சமூகங்களுக்கு உண்டு. சான்றிதழில் உள்ள பெயரே உங்கள் பெயர்.

தமிழ்வழிக் கல்விச் சான்று

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை இருக்கிறது. 2010ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் கொண்டுவந்தது. 2020ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு நிபந்தனையைத் தெளிவாக்கியது: பதவிக்குக் கேட்கும் கல்வித் தகுதி வரை முழுவதும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். அதற்கு முன், பட்டத்தை மட்டும் தமிழ்வழியில் படித்தவரும் கேட்க முடிந்தது. இப்போது ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி இருக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, கல்லூரியை ஆங்கிலவழியில் படித்த பலர் குரூப் 4இல் இந்தச் சலுகையைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். அது அவர்களுக்குப் பெரிய இழப்பு. குரூப் 4இல் பெரும்பாலான பதவிகளுக்குக் கேட்கும் அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்பு. ஆகவே அந்தப் பதவிகளுக்கு ஒன்று முதல் பத்து வரை தமிழ்வழியில் படித்திருந்தால் போதும். அதற்குப் பிறகு எந்த வழியில் படித்தீர்கள் என்பது இந்தச் சலுகையைப் பாதிக்காது. நம் விண்ணப்பதாரரின் ஆங்கிலவழி பி.காம். அவருக்குத் தடையாக இருக்காது. பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் வேறு தேர்வுக்கு அவர் விண்ணப்பித்தால், அப்போது கணக்கு மாறும்.

சான்று வாங்கும் முறையில்தான் வேலை இருக்கிறது. ஒன்று முதல் பத்து வரை எத்தனை பள்ளிகளில் படித்தாரோ அத்தனை பள்ளிகளிலிருந்தும் சான்று வேண்டும். அவருக்கு இரண்டு: தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியரிடமிருந்து ஒன்று முதல் ஐந்து வரைக்கும், மேல்நிலைப்பள்ளியிலிருந்து ஆறு முதல் பத்து வரைக்கும். மேல்நிலைப்பள்ளிச் சான்று மட்டும் வைத்துக்கொண்டு 'தமிழ்வழி' என்று குறித்தால், ஐந்து ஆண்டுகளுக்கு ஆதாரம் இல்லாமல் போகும். படிவம் தேர்வாணையம் கொடுத்ததாகவே இருக்க வேண்டும். அதை அறிவிக்கையோடு இணைத்துக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் பள்ளிக்கு எடுத்துப் போங்கள். பள்ளி தன் வழக்கமான நற்சான்றிதழ் தாளில் 'இவர் தமிழ்வழியில் படித்தார்' என்று எழுதிக் கொடுத்தால், அது உண்மையாக இருந்தும் படிவம் தவறு என்று நிற்கும்.

சான்றைக் கையில் வாங்கியதும் பள்ளி வாசலைத் தாண்டும் முன் நான்கு இடங்களைப் பாருங்கள்: எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை என்பது, கல்வியாண்டுகள், தலைமையாசிரியர் கையொப்பத்தோடு பள்ளி முத்திரை, சான்று வழங்கிய நாள். இரண்டு பள்ளிகளின் சான்றுகளிலும் உள்ள ஆண்டுகள் ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் சேர வேண்டும். முதல் சான்று 2014இல் முடிந்து, இரண்டாவது 2015இல் தொடங்கினால் நடுவில் ஒரு வருடம் எங்கே என்ற கேள்வி வரும். எழுதியவரின் கைப்பிழையாக இருந்தால் அங்கேயே திருத்தி வாங்கிவிடலாம். ஆறு மாதம் கழித்து அதே தலைமையாசிரியர் இடமாற்றலாகிப் போயிருக்கலாம்.

பள்ளிக்கே போகாமல் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதித் தேறியவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. தேர்வைத் தமிழில் எழுதியிருந்தாலும் கிடையாது. விண்ணப்பத்தில் இந்தச் சலுகையைக் கேட்காமல் விட்டுவிட்டு, தேர்வில் தேறிய பிறகு சான்றோடு வந்து கேட்பதும் செல்லாது.

விண்ணப்பித்த பிறகு

மே 24க்கும் மே 29க்கும் இடையே சில நாள் இடைவெளி இருக்கிறது அல்லவா? உங்கள் விண்ணப்பப் பிரதியை எடுத்து, சான்றிதழ்களை அருகில் வைத்து, இன்னொருவரைப் படிக்கச் சொல்லி வரிவரியாக ஒப்பிட அந்த நாட்களைப் பயன்படுத்துங்கள். எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. பார்க்க வேண்டியவை: பிறந்த தேதி, சாதிப் பிரிவு, சான்றிதழ் எண், தமிழ்வழி 'ஆம்' என்று இருக்கிறதா, கட்டணச் சலுகை, கல்வித் தகுதி பெற்ற நாள், தேர்வு மையம். திருத்தக் காலம் மூன்றே நாள். மே 31 இரவுக்குப் பிறகு எந்தக் காரணத்துக்காகவும் மாற்ற முடியாது. திருத்தியதும் புதிய பிரதியை மறுபடி இறக்கிக்கொள்ளுங்கள். பழைய பிரதி இனி உங்கள் விண்ணப்பத்தைக் காட்டாது. திருத்தக் காலத்தில் புதிதாக விண்ணப்பிக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தேர்வு முறை சுருக்கமாக: மொத்தம் 200 வினாக்கள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். முதல் பகுதி தமிழ்த் தகுதித் தேர்வு, 100 வினாக்கள், 150 மதிப்பெண். இதில் 40 விழுக்காடு, அதாவது 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் இரண்டாம் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். இரண்டாம் பகுதியில் பொது அறிவு 75, திறனறிவு 25 வினாக்கள். மொத்தத்தில் குறைந்தது 90 மதிப்பெண் வேண்டும். இது தரவரிசைக்குள் நுழைவதற்கான குறைந்தபட்ச அளவுதான். வேலை கிடைக்கும் மதிப்பெண் இதைவிட மிக அதிகமாக இருக்கும். தேர்வு 9.30க்குத் தொடங்கினாலும் மையத்தின் கதவு 9 மணிக்கே மூடப்படும். ஹால் டிக்கெட்டில் இந்த நேரம் தனியாக அச்சிட்டிருக்கும்.

முடிவு வந்த பிறகு கணினிவழிச் சான்றிதழ் சரிபார்ப்பு. சரிபார்ப்புக்குத் தேர்வானவர்கள் குறிப்பிட்ட நாட்களுக்குள் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து, அதே தளத்தில் பதிவேற்ற வேண்டும். விண்ணப்பத்தில் எதைக் கோரினீர்களோ ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு. தமிழ்வழி என்று குறித்து, இரண்டு பள்ளிச் சான்றில் ஒன்றை மட்டும் ஏற்றினால் அந்தக் கோரிக்கை நிற்காது. இந்த நாட்கள் பற்றித் தபாலில் கடிதம் வராது. தளத்திலும், பதிவு செய்த கைபேசி எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும்தான் வரும். அதனால் விண்ணப்பித்தபோது கொடுத்த எண்ணை மாற்றாதீர்கள். இணைய மையத்தில் விண்ணப்பித்தவர்கள் அங்கே இருப்பவரின் எண்ணோ மின்னஞ்சலோ பதிவாகியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பலருக்குச் சரிபார்ப்புத் தகவல் தெரியாமலே நாள் கடந்துபோவது இதனால்தான்.

அறிவிக்கையில் ஒரு விதி புரியவில்லை என்றால் கேட்பதற்குத் தேர்வாணையத்தின் கட்டணமில்லாத எண் 1800 419 0958. கேட்கும் முன் அறிவிக்கை எண்ணையும், எந்தப் பத்தி புரியவில்லை என்பதையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 'எனக்குத் தகுதி இருக்கிறதா' என்று பொதுவாகக் கேட்டால் 'அறிவிக்கையைப் பாருங்கள்' என்ற பதில்தான் வரும். '07/2025 அறிவிக்கை, தட்டச்சர் பதவி, ஆங்கில லோயர் முடிவு வெளியான நாள் இது, இந்தத் தகுதி செல்லுமா' என்று கேட்டால் பதில் சொல்பவருக்கும் எளிது.